"வீடு கிடைக்கவில்லை" என்று எழுதுவது எப்படி?

ஜெர்மனியில் வீடு தேடியவர்களுக்கு 'அப்சாகே' என்ற சொல்லை அகராதியில் பார்க்க வேண்டியதில்லை. மறுப்புக் கடிதம் என்று பொருள். டிரெஸ்டனுக்கு வந்த முதல் வருடத்தில் நாங்கள் விண்ணப்பித்த வீடுகளில் பாதிக்கு மேல் எந்தப் பதிலும் வரவில்லை. வந்த பதில்களிலும் பெரும்பாலானவை ஒரே வரிதான். அதுவும் எங்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக நினைத்து, "மதிப்பிற்குரிய திரு" என்று தொடங்கும். ஊரில் இருக்கிற அப்பாவுக்கு டிரெஸ்டனில் எத்தனை வீடு மறுக்கப்பட்டது என்று சொல்லிச் சிரிப்போம்.

இப்போது நாங்கள் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறோம். வங்கிக் கடனில் லோப்டாவ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு அறை வீடு வாங்கினோம். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. கடந்த குளிர்காலத்தில் அதை வாடகைக்கு விட விளம்பரம் கொடுத்ததும் மூன்றே நாளில் 23 விண்ணப்பங்கள் வந்தன. ஒருவருக்கு 'சரி' என்றால் 22 பேருக்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்களில் சிலர் ஒரு அறையை மாணவருக்கு விடுகிறீர்கள், சிலர் சொந்த வீடு வாங்கப் போகிறீர்கள். எப்படியும் ஒரு நாள் இந்தக் கடிதத்தை எழுதத்தான் போகிறீர்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஜெர்மனியில் 2006 ஆகஸ்ட் முதல் பொதுச் சமநடத்தைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 'ஆ-கெ-கெ' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இனம், பாலினம், மதம், ஊனம், வயது, பாலியல் அடையாளம் ஆகியவற்றைக் காரணமாக்கி ஒருவரைத் தள்ளக்கூடாது என்கிறது அது. எங்களைப் போல ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இதில் சில விலக்குகள் உண்டு. வாடகைக்கு விடுவது 50 வீடுகளுக்கு மேற்படாவிட்டால் வயது, மதம் முதலிய தடைகள் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் பொதுவில் விளம்பரம் கொடுத்த வீட்டுக்கு இனத்தையோ பூர்வீகத்தையோ காரணமாக்குவது சிறிய உரிமையாளருக்கும் தடைதான். வீட்டுக்காரர் அதே மனையில் குடியிருந்தால் மட்டும் அந்த நெருக்கத்துக்காக ஒரு தனி விலக்கு இருக்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் அல்ல. ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு முதியவர் "ஜெர்மானியருக்கு மட்டும்" என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தார். புர்கினா ஃபாசோவிலிருந்து வந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு 1,000 யூரோ கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே பெர்லின் சார்லோட்டன்பர்க் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. துருக்கியப் பெயர் கொண்ட ஒருவருக்கு ஒரு பெரிய வீட்டு நிறுவனத்திடமிருந்து மறுப்பு வந்தது. அதே வீட்டுக்கு ஜெர்மானியப் பெயரில் விண்ணப்பித்ததும் "வந்து பாருங்கள்" என்று அழைப்பு வந்தது. அவருக்கு 3,000 யூரோ கிடைத்தது.

இந்த இரண்டாவது வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் தவறான சொல் எதுவும் இருக்கத் தேவையில்லை. பாகுபாடு நடந்ததாக எண்ண இடம் தரும் அறிகுறிகளை விண்ணப்பித்தவர் காட்டினால் போதும். அப்படி நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரர் மேல் வந்துவிடும். ஆகவே காரணம் எழுதாமல் விடுவது கெட்ட காரணத்தை மறைக்கும் போர்வை ஆகாது. காரணம் சொல்லும் கடமை வீட்டுக்காரருக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் சொல்லாத காரணம் சுத்தமாக இருக்க வேண்டும். முடிவு கோணலாக இருந்தால் எந்தக் கடிதமும் அதை நிமிர்த்தாது.

அதனால் விளம்பரம் போடும் முன்பே ஒரு தாளில் மூன்று வரி எழுதினோம். மார்ச் 1 அன்று குடிவர முடிய வேண்டும், ஏனென்றால் வீடு காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் கடன் தவணை எங்கள் கையிலிருந்து போகும். வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குறைந்தது இரண்டு வருடம் இருக்கும் எண்ணம் வேண்டும். அவ்வளவுதான். தேதியும் போட்டு வைத்தோம்.

ஒன்பது பேரை வீடு பார்க்க அழைத்தோம். கடைசியில் மூவர் நின்றார்கள். ஒருவர் டிராம் ஓட்டுநர். இன்னொருவர் ஓய்வு பெற்ற நூலகர், 67 வயது அம்மையார். மூன்றாமவர் இங்கே முதுகலை படிக்கும் நம் தமிழ்த் தம்பி ஒருவர். தம்பிக்காகச் சபையில் மூத்த அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். "நம்ம பையன்தானே, குடுத்திருங்க. வேற யாருக்கு விட்டாலும் என்ன ஆளோ, எப்படியோ."

அண்ணாச்சி அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் 'ஜெர்மானியருக்கு மட்டும்' என்பதும் 'நம்ம ஆளுக்கு மட்டும்' என்பதும் ஒரே வகைதான். ஊரில் வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சென்னையில் 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்து வாசலோடு போனவர்களும் உண்டு. "வீடு முடிஞ்சிருச்சு" என்று சொன்ன பிறகும் இரண்டு வாரம் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று வரித் தாளை எடுத்துப் பார்த்தோம். தம்பியின் படிப்பு பத்து மாதத்தில் முடிகிறது. அம்மையார் தம் பழைய வீட்டுக்கு மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், மே மாதத்துக்கு முன் வர முடியாது. ஓட்டுநருக்கு மூன்றும் பொருந்தியது.

இனி கடிதம். அம்மையாருக்கு எழுத உட்கார்ந்தபோது எங்கள் மனதில் தானாக வந்த வாக்கியம், "நான்கு மாடி ஏறுவது உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தோம்" என்பது. இதை எழுதுகிறவள் நர்ஸ். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் படியேற வைப்பது அன்றாட வேலை. அக்கறைதான். ஆனால் படித்துப் பாருங்கள்: அவர் வயதைப் பார்த்து, அவர் கேட்காத ஒரு முடிவை அவருக்காக நாங்கள் எடுத்தோம் என்று அது சொல்கிறது. அதுவும் உண்மையான காரணம் அது அல்லவே! வீடு பார்க்க வந்த அன்று அவர் எங்களுக்கு முன்னால் மூச்சு வாங்காமல் மேலே நின்றார். இதுபோன்ற 'இரக்கக் காரணங்கள்' இன்னும் உண்டு. "குழந்தையோடு உங்களுக்கு இடம் போதாது", "அக்கம்பக்கத்தார் கொஞ்சம் பழைய மனிதர்கள்", "இங்கே உங்களுக்குத் தனிமையாக இருக்கும்". ஆறுதல் மாதிரி தொடங்கி, ஆளைப் பற்றிய தீர்ப்பாக முடிகிறவை இவை.

அப்படியானால் உண்மைக் காரணத்தை, தேதியை, எழுதலாமே? யாரையும் புண்படுத்தாத காரணம்தான். நாங்களும் யோசித்தோம். ஆனால் தேதியை எழுதினால், "மார்ச்சிலிருந்தே இரண்டு வாடகையும் கட்டிவிடுகிறேன்" என்று அவர் பதில் எழுதக்கூடும். ஓட்டுநரோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்தப் பதிலுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? ஒரு கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து காட்டுவது போல ஆகும். தேர்ந்தவர் ஏதோ காரணத்தால் தாமதமாகக் குடிவந்தால், நாங்கள் எழுதிய உண்மையும் பொய்யாகத் தெரியும்.

ஆகவே ஜெர்மன் மொழியில் நாங்கள் அனுப்பிய கடிதத்தின் தமிழ் வடிவம் இது:

"மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, பிப்ரவரி 3 அன்று வீடு பார்க்க வந்ததற்கும், ஆவணங்களைக் கவனமாகத் தொகுத்துத் தந்ததற்கும் நன்றி. வருந்துகிறோம், இந்த வீட்டை உங்களுக்குத் தர இயலவில்லை. பல விண்ணப்பங்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேறு ஒருவரோடு ஒப்பந்தம் செய்துவிட்டோம். நீங்கள் தந்த ஆவணங்களை வேறு எவருக்கும் கொடுக்க மாட்டோம், உரிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவோம். உங்களுக்கு விரைவில் நல்ல வீடு கிடைக்க வாழ்த்துகிறோம்."

'வருந்துகிறோம்' இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. மருத்துவமனையில் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொன்னால் கேட்பவர் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை வெளிறும். அதுபோல இங்கேயும் நான்கு வரிப் பாராட்டுக்குப் பிறகு 'ஆனால்' என்று வைப்பது இரக்கம் அல்ல. "அடுத்த முறை காலியானால் உங்களுக்கே" என்றும் எழுதவில்லை. காப்பாற்ற முடியுமா என்று தெரியாத வாக்கு அது. பெயரின் எழுத்துக்கூட்டை மட்டும் மூன்று முறை சரிபார்த்தோம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

இதே வாசகம் 22 பேருக்கும் போனது. வீடு பார்க்க வராதவர்களுக்கு முதல் வரி மட்டும் மாறியது. ஒருவருக்குக் காரணம், இன்னொருவருக்கு மௌனம் என்று எழுதியிருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு எதுவும் தோன்றலாம். அனுப்பிய நேரமும் முக்கியம். ஓட்டுநர் கையெழுத்திட்ட மாலையே விளம்பரத்தை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினோம். அதற்கு முன் அனுப்பியிருந்தால், அவர் கடைசி நிமிடத்தில் விலகும்போது "ஒப்பந்தம் செய்துவிட்டோம்" என்ற வரி பொய்யாகியிருக்கும். தாமதித்திருந்தால், பதிலுக்காகக் காத்திருந்து வேறு வீட்டைக் கைவிட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

தம்பிக்கு மட்டும் கடிதம் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போன் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர் அல்லவா. "அக்கா, என்ன காரணம்னு சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்" என்றார். "ஒரே வீடு தம்பி, வேற ஒருத்தருக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. உன் மேல குறை ஒண்ணும் இல்ல" என்றோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிக்கா" என்றார். அந்த மௌனத்தை நிரப்ப ஏதாவது சொல்லத்தான் நாக்கு துடித்தது. அண்ணாச்சிக்கு நாங்கள் சொன்னதும் அதே வாக்கியம்தான். இரண்டு ஞாயிறு அவர் எங்களோடு தேநீர் குடிக்கவில்லை, மூன்றாவது ஞாயிறு வந்தார்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டு, ஷூஃபா கடன் அறிக்கை எல்லாம் கடைசி மூவரிடம் மட்டும்தான் கேட்டோம். வீடு பார்க்க வரும் எல்லோரிடமும் அவற்றை வாங்கக் கூடாது. பாகுபாடு நடந்தது என்று எண்ணுகிறவர் 2 மாதத்துக்குள் தம் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் எங்கள் மூன்று வரித் தாளையும் மூவரின் ஆவணங்களையும் அதுவரை ஒரு கோப்பில் பூட்டி வைத்தோம்.

அம்மையாரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. பதில் எழுதியதற்கு நன்றி, ஒன்பது இடத்தில் விண்ணப்பித்ததில் பதில் தந்தது நாங்களும் இன்னொருவரும்தான் என்று எழுதியிருந்தார். மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை கோப்பைத் திறந்து, தேர்வாகாத இருவரின் தாள்களையும் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டோம். கணினியில் இருந்த 22 மின்னஞ்சல்களையும் அழித்தோம்.