பாராயண வீடியோவில் எங்கே வெட்டலாம்?

நீண்ட பாராயண வீடியோவின் ரிடென்ஷன் கிராஃப் என்பது, அந்த வீடியோவின் ஒவ்வொரு இடமும் மொத்தப் பார்வைகளில் எத்தனை சதவீதத்தில் ஓடியது என்று காட்டும் கோடு. இடமிருந்து வலமாக நேரம் நகர்கிறது, மேலும் கீழுமாகச் சதவீதம். ஒருவர் ஒரு பகுதியை இரண்டு முறை கேட்டால் அதுவும் கணக்கில் சேரும். அதனால் கோடு ஏறவும் செய்யும், சில இடங்களில் நூறையே தாண்டும்.

திரைப்பாடல் வீடியோவுக்கும் சமையல் வீடியோவுக்கும் இதே கோடுதான். ஆனால் அங்கே கோடு சரிந்த இடத்தை எடிட்டர் தயங்காமல் வெட்டிவிடலாம். பாராயணத்தில் அந்த உரிமை இல்லை. அபிராமி அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவுதான் அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவில் ஒன்றை எடுத்தால் தொடை அறுந்துவிடும். அந்தாதி அல்லாத நூலுக்கும் பாட்டுக்கணக்கு உண்டு. கையில் புத்தகம் வைத்துக்கொண்டு கூடவே ஓதுகிறவர்களுக்கு ஒரு பாட்டு குறைந்தாலும் உடனே தெரியும். ஆகவே கிராஃபைப் பார்த்து எடுக்கும் முடிவெல்லாம் பாட்டுக்கு வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றியது. அந்த நேரம் கோட்டில் எப்படித் தெரியும் என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் அருகே உள்ள சடையங்குப்பத்துக்குப் பொருந்தும் நூல் வடிவுடை மாணிக்க மாலை. வள்ளலார் சென்னையில் வாழ்ந்த காலத்தில் திருவொற்றியூர் வடிவுடையம்மன்மேல் பாடியது. காப்பு தவிர 101 பாடல்கள், எல்லாம் நாலடி. சடையங்குப்பத்து வீட்டுக் கூடம் ஒன்றில் பெண்கள் சிலர் கூடி இதை ஓதிய 75 நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவுகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

முதல் 4 நிமிடம் 20 விநாடி வரவேற்பு, உபயதாரர் பெயர்கள், மைக் சரிபார்ப்பு. 4:20-க்குக் காப்பு. 5:00-க்கு முதல் பாட்டு. பாட்டுக்கு 36 விநாடி வீதம் 35:00-க்கு ஐம்பது பாட்டு முடிகிறது. பிறகு தண்ணீர் குடிக்கவும் கேமரா பேட்டரி மாற்றவும் 3 நிமிட இடைவெளி. 38:00-க்கு 51ஆம் பாட்டு தொடங்கி 68:36-க்கு 101 நிறைவு பெறுகிறது. 70:00 வரை ஆரத்தி. மீதி 5 நிமிடம் நன்றியுரையும் அடுத்த மாத அறிவிப்பும்.

கோட்டைப் படிக்கும் முன் இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்வது முதல் வேலை. இதைத் தவிர்க்கிறவர்கள் சரிவைப் பார்ப்பார்கள். சரிந்த இடத்தில் என்ன ஓடியது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் இந்தத் தரவை வெளியே எடுத்துத் தரும்போது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் நூறு கூறாகத்தான் தருகிறது. ஐந்து நிமிட வீடியோவில் ஒரு கூறு 3 விநாடி. 75 நிமிடப் பதிவில் ஒரு கூறு 45 விநாடி. அதாவது ஒரு முழுப் பாட்டும் அடுத்த பாட்டின் முதலடியும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். நீளம் கூடக்கூடக் கோட்டின் கண் மங்கும். எந்தப் பகுதியில் காது கொடுக்க வேண்டும் என்று கிராஃப் சொல்லும். எந்த விநாடியில் வெட்டுவது என்பதைக் காதுதான் சொல்ல முடியும்.

பார்வைகள் குறைவாக இருக்கும்போது கோட்டை நம்பக்கூடாது. நாற்பது பார்வை மட்டும் வந்திருந்தால் ஒருவர் எழுந்து போனாலே இரண்டரை சதவீதம் விழும். பார்வை சில நூறுகளைத் தாண்டி, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் கோட்டின் வடிவம் மாறவில்லை என்றால் அதன்மேல் முடிவெடுக்கலாம்.

எடுத்துக்கொண்ட பதிவில் 30ஆம் விநாடியில் 58 சதவீதம். 4 நிமிடத்தில் 31. 5 நிமிடத்தில் 46க்கு ஏறுகிறது. இந்த ஏற்றம்தான் முக்கியமான சாட்சி. விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கோட்டை ஏற்றுவதில்லை. வரவேற்பைத் தள்ளிவிட்டுக் காப்புக்குத் தாவியவர்கள் அங்கே இறங்குவதால்தான் கோடு ஏறுகிறது. பள்ளமும் அதன் மறுகரையில் ஏற்றமும் சேர்ந்து வந்தால், கேட்க வந்தவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டுகிறார்கள் என்று பொருள். அது வெட்டத் தகுந்த இடம். இடைவெளியிலும் அதே வடிவம்: 35:00-ல் 38, நடுவில் 27, 51ஆம் பாட்டில் மறுபடி 36.

54 நிமிடத்துக்கு அருகே, 78ஆம் பாட்டில், வேறொரு வடிவம். கோடு 32லிருந்து 26க்குப் படியாக இறங்கி, பிறகு ஏறவே இல்லை. இவர்கள் தாவவில்லை, போய்விட்டார்கள். இதைப் பார்த்துப் பாட்டை வெட்ட நினைப்பது பெரும் பிழை. போனதற்கான காரணம் பாட்டில் இருக்க வேண்டியதில்லை. மூன்று காரணங்களை வரிசையாகத் தேடலாம்: மைக்கில் வெடிப்புச் சத்தம், ஓதுவதில் தடுமாற்றம், நடுவே வரும் விளம்பரம். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்க முடியும். இடத்தை யூடியூப்பே தேர்ந்தெடுக்க விட்டால் அது ஒரு பாட்டின் மூன்றாமடியிலும் விழக்கூடும். விளக்கேற்றி ஓதிக்கொண்டிருக்கும் வீட்டில் திடீரென்று சோப்பு விளம்பரம் அலறினால் அணைத்துவிடத்தான் செய்வார்கள். காரணம் விளம்பரம் என்றால் செய்ய வேண்டியது விளம்பர இடத்தை ஐம்பதாம் பாட்டின் முடிவுக்கு நகர்த்துவது. படத்தில் ஒரு விநாடியையும் தொட வேண்டியதில்லை.

வடசென்னையில் எடுத்த பதிவில் கண்டெய்னர் லாரியின் ஹாரன் ஒலி புகாமல் இருப்பது அரிது. இந்தப் பதிவிலும் 33ஆம் பாட்டில் அது கேட்கிறது. எடிட்டரின் காதுக்கு அது பெரிய கறை. கோட்டைப் பார்த்தால் 24ஆம் நிமிடத்தில் அசைவே இல்லை, கேட்பவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதை எடுக்கப்போய்ப் பாட்டின் ஓரடியை இழப்பதைவிட அப்படியே விடுவது நல்லது.

தட்டையான கோட்டையும் அளவோடுதான் நம்ப வேண்டும். கட்டணச் சந்தா இல்லாமல் யூடியூப் கேட்பவர்கள் திரையை அணைத்தால் ஒலி நின்றுவிடும். அதனால் போனைச் சாமி மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்கள் உண்டு. பாட்டு ஓடுகிறது, கோடு தட்டையாக நிற்கிறது, திரையை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே பாராயணத்தில் தட்டைக் கோடு காட்சிக்குக் கிடைத்த பாராட்டு ஆகாது. அந்த நேரத்தில் ஒலி யாரையும் உறுத்தவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

101ஆம் பாட்டுக்குப் பிறகு கோடு 24லிருந்து 9க்கு விழுகிறது. இது நட்டம் அல்ல. ஓதி முடித்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆரத்தி சடங்கின் பகுதி என்பதால் குறைந்த சதவீதத்தோடும் அது இருக்கட்டும். நன்றியுரையை எடுத்துவிடலாம்.

யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் `Trim & cut` வழியாக வெட்டினால் வீடியோவின் முகவரி, பார்வைக்கணக்கு, கருத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் அங்கே ஒலியை மெல்லத் தணித்து இணைக்க வழியில்லை. சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெட்டினால் ஒலி துள்ளும். அது நின்றிருக்கும் விநாடியைத் தேடி, பாட்டு முடிந்து சில விநாடி விட்டு வெட்ட வேண்டும். நம் பதிவில் 0:00 முதல் 4:15 வரை ஒரு வெட்டு, 35:05 முதல் 37:55 வரை ஒன்று, 70:00 முதல் முடிவு வரை ஒன்று. போனது 12 நிமிடம் 5 விநாடி, மீதி 62:55. விளக்கக் குறிப்பில் இருந்த நேரங்கள் எல்லாம் இப்போது தவறாகிவிட்டன. 51ஆம் பாட்டு 38:00-லிருந்து 30:55-க்கு வந்துவிட்டது. புதிய குறிப்பு இப்படி அமையும். முதல் வரி 0:00 ஆக இருந்தால்தான் யூடியூப் இதைப் பகுதிகளாக ஏற்கும்.

```
0:00 காப்பு
0:45 பாடல் 1
15:45 பாடல் 26
30:55 பாடல் 51
45:55 பாடல் 76
1:01:31 ஆரத்தி
```

பாட்டுக்குப் பாட்டு இருக்கும் மூச்சு இடைவெளியை ஒட்ட நறுக்கினால் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று தோன்றும். நூறு இடைவெளி, ஒவ்வொன்றிலும் மூன்று விநாடி. இதற்குக் கிராஃப் ஆதாரம் தராது. 45 விநாடிக் கூறுக்குள் மூன்று விநாடி தெரியவே தெரியாது. ஆனால் கூடவே ஓதும் பாட்டிக்கு அந்த மூன்று விநாடிதான் பக்கம் புரட்டவும் மூச்சு வாங்கவும் கிடைக்கும் நேரம். அதைத் திருடக்கூடாது.

சேனலை வளர்த்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் இடைத்தரகர்கள் கைவைப்பது பெரும்பாலும் இங்கேதான். அவர்கள் காட்டும் எண் சராசரிப் பார்வைச் சதவீதம். 75 நிமிடத்தில் சராசரியாக 24 நிமிடம் கேட்டால் 32 சதவீதம். அதையே 62:55-க்குச் சுருக்கினால், ஒருவரும் ஒரு விநாடி கூடுதலாகக் கேட்காமலே 38 ஆகிவிடும். இந்த ஆறு சதவீதத்தை வளர்ச்சி என்று சொல்லி ஓதும் குழுக்களிடம் பணம் பறிப்பது ஏமாற்று வேலை. வெட்டியதால் பயன் வந்ததா என்று அறியச் சராசரி நிமிடத்தைப் பார்க்க வேண்டும், அதோடு முதல் பாட்டுவரை வந்தவர்களின் பங்கையும் பார்க்க வேண்டும். முன்பு 46 சதவீதம் பேர் எட்டிய முதல் பாட்டை இப்போது எத்தனை பேர் எட்டுகிறார்கள் என்பதே உண்மையான அளவு. ஒப்பிடுவதற்குப் பழைய கோட்டைப் படமாக எடுத்து வைத்திருக்க வேண்டும். நீளம் மாறியபின் பழைய இடமும் புதிய இடமும் பொருந்தா.

சேமித்த வெட்டு உடனே நடப்புக்கு வராது; வேலை முடியும்வரை பழைய வடிவமே ஓடும். புதியது வந்ததும் ஒருவர் புத்தகத்தோடு உட்கார்ந்து 101 பாட்டையும் எண்ணிக் கேட்க வேண்டும். குறை இருந்தால் மூலத்துக்கே திருப்பிவிடும் வசதி எடிட்டரில் உண்டு. யூடியூப்பின் பார்ட்னர் திட்டத்தில் சேராத சேனல்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது: ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிய வீடியோவில் முகத்தை மங்கலாக்குவது தவிர வேறு மாற்றத்தைச் சேமிக்க முடியாமல் போகலாம். சிறு குழுக்கள் தங்கள் பதிவு அந்த எண்ணை நெருங்கும் முன்பே கோட்டைப் பார்த்து இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.