‘நாளுக்கு 500 ரூபாய்’ என்பதன் பொருள்

மருத்துவர் ‘நாளுக்கு இரண்டு மாத்திரை’ என்று எழுதிக்கொடுத்தால், இன்று நான்கை விழுங்கிவிட்டு நாளை ஒன்றும் உண்ணாமல் இருப்பவர் எவருமிலர். ‘நாளுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன்’ என்று ஓர் ஆய்வு மாணவர் சொன்னாலோ, நேற்று ஐந்து பக்கம் எழுதி இன்று ஒன்றுமே எழுதாதிருக்கலாம் என்பதை நெறியாளர் அறிவார். தொடரின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. முன்னதில் அது ஒவ்வொரு நாளுக்கும் உரிய உச்ச வரம்பைக் குறிக்கிறது. பின்னதில் பல நாள்களின் சராசரியைக் குறிக்கிறது. எது பொருள் என்பதை நாம் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம்.

இணைய விளம்பரத் தளத்தில் ‘தினசரி பட்ஜெட்’ என்னும் கட்டத்தில் 500 என்று இடுபவர், பெரும்பாலும் மாத்திரைப் பொருளில் இடுகிறார். தளமோ அதைப் பக்கப் பொருளில் படிக்கிறது. ‘சொன்னதைவிட அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்’ என்ற முறையீடுகளுள் பல இந்த இடைவெளியில் பிறப்பவை. ஆய்வுக்குத் தகவலாளர்களைத் திரட்ட விளம்பரம் செய்யும் வழக்கம் நம் துறையிலும் பரவிவருவதால், இதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

ஹைதராபாத்தில் என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவர், தக்கனி பேசுவோரைக் கொண்டு இணையவழிக் கேட்டல் சோதனை ஒன்றை நடத்தினார். தகவலாளர்களைத் திரட்டும் விளம்பரத்துக்கு மார்ச் 1 முதல் 10 வரை நாளுக்கு 500 ரூபாய் என்று திட்டமிட்டார். பத்து நாளுக்கு 5,000, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 900, ஆக 5,900. நிதி அலுவலகம் 6,000 ரூபாய்க்கு அனுமதி தந்தது. தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் விதி, இத்துறையில் பரவலாக உள்ள விதிதான்.

அவ்விதியைக் கூகுள் ஆட்ஸ் வெளியிட்டிருக்கும் வடிவில் சொன்னால் தெளிவாக இருக்கும். நாம் இடும் எண்ணுக்கு அங்கே வழங்கும் பெயரே Average daily budget என்பது. பெரும்பாலான விளம்பரங்களுக்கு, எந்த ஒரு நாளிலும் அந்த எண்ணின் இரு மடங்கு வரை செலவாகலாம். ஆனால், ஒரு மாதத்தில் அந்த எண்ணை 30.4ஆல் பெருக்கினால் வரும் தொகைக்கு மேல் வசூலிப்பதில்லை. ஆண்டின் 365 நாளைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதே இந்த 30.4. நாள் உச்சம் முன்பு பட்ஜெட்டுக்கு மேல் 20 விழுக்காடாக இருந்தது. 2017 அக்டோபரில்தான் அது இரு மடங்காயிற்று. தேடுவோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுகிறது. கூட்டம் மிகுந்த நாளில் கூடுதலாகச் செலவிட்டு, குறைந்த நாளில் ஈடுகட்டலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மெட்டாவின் விளம்பரங்களில் ஈடுகட்டும் காலம் மாதமன்று, வாரம்: ஒரு நாளில் மிகலாம், வாரத்தில் தினத்தொகையின் ஏழு மடங்கைத் தாண்டலாகாது.

இதிலிருந்து விளங்குவது ஒன்றுண்டு. வரம்பு என்பது உண்மையில் இருக்கிறது. ஆனால் அது நாம் நினைத்த இடத்தில் இல்லை. மாதம் முழுவதும் விளம்பரம் செய்யும் கடைக்காரருக்கு மாத வரம்பு நல்ல காப்பு. பத்து நாள் மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவருக்கோ அது கைக்கெட்டாத தொலைவில் நிற்கிறது. நாளுக்கு 500 என்றால் மாத வரம்பு 15,200. பத்து நாளும் இரு மடங்காகச் செலவானாலும் 10,000தான் ஆகும்; வரம்பை அது தொடுவதேயில்லை. மிகுந்த நாள்களை ஈடுகட்ட வேண்டிய குறைந்த நாள்கள் வருவதற்குள் விளம்பரம் நின்றுவிடுகிறது. பல நாள்களின் சராசரி என்பது அந்த நாள்கள் எல்லாம் கழிந்தால்தான் பொருள்படும்.

தோழியின் கணக்கில் நடந்தது இதுவே. வரி சேர்க்காமல் நாள்வாரியாகப் பார்த்தால், முதல் நாள் 480 ரூபாய். பிறகு முறையே 910, 990, 620, 310, 760, 840, 590, 450, 550. ஒரு நாளும் 1,000ஐத் தாண்டவில்லை. 500க்குக் குறைந்த நாள்களும் மூன்று உண்டு. பத்து நாளின் மொத்தம் 6,500. விதிப்படி இதில் பிழையில்லை. திட்டப்படி 1,500 ரூபாய் மிகை.

ஆயினும் மார்ச் இறுதி வரை இது அவர் கண்ணில் படவில்லை. அதற்குக் காரணம் வசூல் முறை. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் தளம் நாள்தோறும் பணம் எடுப்பதில்லை. செலவைக் கடனாக ஏற்றிக்கொண்டே போய், அது குறித்த ஒரு தொகையை எட்டும்போதுதான் அட்டையிலிருந்து எடுக்கிறது. அத்தொகையை வசூல் வரம்பு எனலாம். எட்டாவிட்டால், மாதத்தின் முதல் நாள் போன்ற ஒரு குறித்த நாளில் மிச்சத்தை எடுக்கிறது. இரண்டில் எது முந்துகிறதோ அது நடக்கும். புதிய கணக்குக்கு வரம்பு சிறிதாக இருக்கும்; சில முறை ஒழுங்காகப் பணம் கிடைத்தபின் தளமே அதை உயர்த்தும். மளிகைக் கடையில் புதிதாகப் பற்று வைப்பவருக்கும் நெடுநாள் வாடிக்கையாளருக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

தோழியின் கணக்கில் முதல் வரம்பு 1,000 ரூபாய். இரண்டாம் நாளே மொத்தம் 1,390 ஆனதால், அன்று வரம்பை எட்டியதும் முதல் வசூல் நடந்தது. பின் வரம்பு 2,000 ஆயிற்று. நான்காம் நாள் முடிவில் மொத்தம் 3,000, இரண்டாம் வசூல். எட்டாம் நாள் மொத்தம் 5,000ஐக் கடந்தபோது மூன்றாம் வசூல். எஞ்சிய 1,500 வரம்பை எட்டவில்லை. அதற்குள் விளம்பரமும் முடிந்தது. ஆகவே அது கணக்கில் அமைதியாகக் கிடந்தது.

மார்ச் முடியும் நேரத்தில் அட்டைக் கணக்கு மூன்று வசூல்களைக் காட்டியது: 1,000, 2,000, 2,000. வரியுடன் சரியாக 5,900. அனுமதித்த தொகைக்குள் அடங்கிவிட்டது என்று அவர் கணக்கை ஒப்படைத்தார். ஏப்ரல் 1 அன்று, விளம்பரம் நின்று மூன்று வாரம் கழித்து, நான்காம் வசூல் வந்தது: 1,500உம் வரி 270உம் சேர்ந்து 1,770. நிதியாண்டு முந்தைய நாளே முடிந்திருந்தது. பயன்பாட்டுச் சான்றிதழும் போய்விட்டது. நிதி அலுவலகத்தார் கேட்ட கேள்வி நியாயமானதே: ‘மார்ச் பத்தோடு நின்ற விளம்பரத்துக்கு ஏப்ரலில் எப்படிம்மா செலவு வரும்?’ செலவு மார்ச்சில் நேர்ந்தது, வசூல்தான் ஏப்ரலில் நடந்தது என்று விளக்கினோம். அவர்கள் விளக்கத்தை ஏற்றார்கள், தொகையை ஏற்கவில்லை. அது தோழியின் உதவித்தொகையிலிருந்து போயிற்று.

இங்கே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பட்ஜெட் நாளைச் சொல்கிறது. காப்பு மாதத்தைச் சொல்கிறது. வசூல் தொகையைச் சொல்கிறது. அட்டைக் கணக்கில் வரும் ஒரு வசூலை எந்த ஒரு நாளின் பட்ஜெட்டோடும் ஒப்பிட்டுப் பயனில்லை. ‘500 என்று சொன்னேன், 2,000 எடுத்திருக்கிறார்கள்’ என்பதற்கு மிகைச் செலவு என்று பொருளில்லை. அதுபோலவே, அட்டையில் 5,000தான் போயிருக்கிறது என்பதற்கு 5,000தான் செலவாயிற்று என்றும் பொருளில்லை.

உண்மையிலேயே தளம் விதியை மீறியதா என்று அறிய, அட்டைக் கணக்கை மூடிவைத்துவிட்டு விளம்பர அறிக்கையை நாள்வாரியாகத் திறக்க வேண்டும். கூகுள் விதியின்படி இரண்டே சோதனைகள்: ஏதேனும் ஒரு நாள் இரு மடங்கைத் தாண்டியதா, மாதம் 30.4 மடங்கைத் தாண்டியதா. தாண்டியிருந்தால் அந்த மிகைக்குக் கட்டணம் வசூலிப்பதில்லை; அது கணக்கில் வரவாக வைக்கப்படும். இச்சோதனையில் கவனிக்க வேண்டியது பட்ஜெட் மாற்றம். ஒரே நாளில் 500ஐ 800 ஆக்கிப் பின் 300 ஆக்கினால், அன்றைய உச்சம் 800இன் இரு மடங்கு. மாத நடுவில் மாற்றினால், அதுவரை ஆன செலவோடு, புதிய எண்ணை எஞ்சிய நாள்களால் பெருக்கிவரும் தொகையைக் கூட்டினால் மாத வரம்பு கிடைக்கும்.

அட்டையில் பணம் குறைவாக வைத்துவிட்டால் செலவும் நின்றுவிடும் என்று கருதுவோர் உண்டு. வசூல் முயலும்போது பணம் இல்லையெனில் விளம்பரம் நிற்கும் என்பது மெய். ஆனால் அதற்குள் சேர்ந்த கடன் கடனாகவே நிற்கும். நம் நாட்டில் இன்னொரு காரணத்தாலும் வசூல் தடைப்படலாம். தானியங்கிப் பிடித்தங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு விதித்தது. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கத்தக்க தொகை முதலில் 5,000 ஆகவும், 2022இல் 15,000 ஆகவும் வகுக்கப்பட்டது. உயர்ந்துகொண்டே போகும் வசூல் வரம்பு இத்தொகையைத் தாண்டினால், பிடித்தம் மறுக்கப்படலாம்.

பத்து நாள் விளம்பரத்துக்கு, மானியப் பணத்தில், எது பொருந்தும்? முடிவு நாளும் மொத்தத் தொகையும் குறிக்கும் வசதி இருந்தால் அதுவே முதல் தெரிவு. அங்கே ‘5,000’ என்பதற்கு மாத்திரைப் பொருள்தான். மெட்டாவில் இது உண்டு. கணக்கு முழுமைக்கும் உச்சம் வைக்கும் வசதியும் உண்டு. கூகுளில் சில வகை விளம்பரங்களுக்கு உண்டு. முன்பணம் செலுத்தும் முறையும் நன்று. ஆனால் செலுத்தும் தொகைக்குள்ளேயே வரி அடங்குவதுண்டு, அவ்வாறெனில் 5,900 செலுத்தினால்தான் 5,000க்கு விளம்பரம் கிடைக்கும். இவை இரண்டும் இல்லையெனில், நாள்தோறும் அறிக்கையின் மொத்தத்தைப் பார்த்து, திட்டத்தொகையை நெருங்கும்போது நிறுத்துவதே வழி. அறிக்கையில் செலவு ஏறச் சில மணி நேரம் பிந்தலாம். ஆகவே சிறிது முன்னதாகவே நிறுத்த வேண்டும்.

நிதி அலுவலகத்துக்கு எழுதும் முன்மொழிவிலும் ஒரு சொல் மாற வேண்டும். ‘நாளுக்கு 500 வீதம் 10 நாள்’ என்று எழுதினால் அது தளத்தின் சொல்லை நம் சொல்லாக ஏற்பது. ‘வரியுடன் 7,700க்கு மிகாமல்’ என்று எழுதியிருந்தால், நடந்த செலவாகிய 7,670 அதற்குள் அடங்கியிருக்கும். மார்ச்சில் விளம்பரம் செய்பவர்கள், நின்ற மறுநாளே நிலுவையைத் தாமாகச் செலுத்திக் கணக்கைச் சுழியமாக்கிவிடலாம். தளங்கள் பலவற்றில் அதற்கெனப் பொத்தான் உண்டு. ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.