இலைக்கு ஒரு பதில்... வானத்துக்கு வேற பதில்!

சின்னப் பசங்க கேக்குற கேள்விகள்லயே ரொம்ப டேஞ்சரானது எது தெரியுமா? நமக்குப் பதிலே தெரியாத கேள்வி இல்லீங்க. அதுக்கு 'அப்பாவைக் கேளு'ன்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆயிடலாம். ஒரே வரியில பதில் சொல்லிடலாம்னு தோணுற கேள்வி இருக்கே, அதுதான் ஆளைக் கவுத்துடும். 'இலை ஏன் பச்சையா இருக்கு? வானம் ஏன் நீலமா இருக்கு?' ரெண்டும் அந்த ரகம்.

நான் திருச்சியில் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிக்கிறேன். ஹாஸ்டல் கிடையாது. அக்கா வீட்டு மாடி ரூம்தான் ஜாகை. வாடகைக்குப் பதிலா அக்கா பொண்ணுக்கு தினமும் ஹோம்வொர்க் சொல்லித் தரணும். மேடத்துக்கு வயசு ஏழு.

ஒருநாள் அவளோட நோட்டுல ரெண்டு கேள்வி-பதில் பார்த்தேன். 'இலை பச்சையாக இருப்பது ஏன்? பச்சையம் இருப்பதால்.' 'வானம் நீலமாக இருப்பது ஏன்? கடலின் நிறம் பிரதிபலிப்பதால்.' ரெண்டுக்கும் பெரிய சிவப்பு டிக்! அடுத்த வாரம் டெஸ்ட் வேற. அக்கா முன்கூட்டியே வார்னிங் கொடுத்துட்டா. "மிஸ் எழுதிப்போட்டதையே படிக்கட்டும். நீ உன் ஃபிசிக்ஸை உள்ள விட்டுக் குழப்பாதே, மார்க் போயிடும்."

ஆனா குழப்பத்தை ஆரம்பிச்சது நான் இல்லை. பாப்பாதான். "சித்தி, நம்ம ஊர்ல கடலே இல்லையே. காவிரிதான் இருக்கு. அதுலயும் பாதி மணலா இருக்கு. அப்புறம் எப்படி நம்ம வானம் நீலமா இருக்கு?"

இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் ஃபிசிக்ஸ் படிச்சு என்ன பிரயோஜனம்? அதே சமயம், 'உங்க மிஸ் சொன்னது தப்பு'ன்னு ஒரு குழந்தைகிட்ட பட்டுனு சொல்லவும் மனசு வரலை. அதனால நான் எதுவும் சொல்றதா இல்லை, அவளே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல ஒரு பழைய சி.டி.யை எடுத்து வெயில்ல காட்டினேன். சுவத்துல வானவில் விழுந்தது. வெள்ளையாத் தெரியுற வெயிலுக்குள்ள இத்தனை நிறமும் சேர்ந்துதான் இருக்குன்னு இதுல புரிஞ்சிடும். ஒரு பொருள் என்ன நிறமாத் தெரியும்ங்கறது, இத்தனை நிறத்துல எது நம்ம கண்ணுக்கு வந்து சேருதுங்கறதைப் பொறுத்தது.

அடுத்தது இலை. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு, டார்ச் மேல சிவப்புக் கண்ணாடித்தாளை ரெண்டு மடிப்பா மடிச்சுக் கட்டினோம். அந்த வெளிச்சத்துல மூணு பொருள்: ஒரு வெள்ளைத்தாள், ஒரு தக்காளி, ஒரு முருங்கை இலைக்கொத்து. தாள் சிவப்பாத் தெரிஞ்சது. தக்காளி பளிச்சுனு இருந்தது. முருங்கை இலை? கிட்டத்தட்ட கறுப்பு! "சித்தி, பச்சை எங்க போச்சு?"ன்னு கத்தினா. பச்சை எங்கயும் போகலை. டார்ச்சுல பச்சை ஒளியே இல்லை, அதனால இலை திருப்பி அனுப்பவும் ஒண்ணும் இல்லை. வந்த சிவப்பையும் அது முழுங்கிடுச்சு. (கண்ணாடித்தாள் ஒரே மடிப்பா இருந்தா மத்த நிறமும் கசியும். அப்ப இலை கறுப்பாகாது, அழுக்குப் பழுப்பாத்தான் தெரியும். அப்படித் தெரிஞ்சா இன்னொரு மடிப்பு போடுங்க.)

"இலைக்கு வெயில்தான் சாப்பாடு. பச்சையம்ங்கறது அதோட வாய் மாதிரி. சிவப்பையும் நீலத்தையும் ஆசையா சாப்பிடும். பச்சையை மட்டும் நீ தட்டு ஓரத்துல கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பியே, அந்த மாதிரி ஒதுக்கிடும். அந்த ஒதுக்கினதுதான் நம்ம கண்ணுக்கு வருது" என்றேன். மேடத்துக்குப் பரம திருப்தி. கறிவேப்பிலை விஷயத்துல தனக்கு ஒரு துணை கிடைச்ச சந்தோஷம்!

உண்மையில இலை பச்சை ஒளியை மொத்தமா ஒதுக்குறதில்லை. அதுலயும் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடுகிறது. மத்த நிறங்களைவிட அதுல மிச்சம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சமே போதும். நம்ம கண்ணு பச்சையை நல்லாவே பிடிச்சுக்கும்.

இப்பத்தான் கதையில ட்விஸ்ட். கறிவேப்பிலை ருசி கண்ட பாப்பா, அடுத்த நிமிஷமே கேட்டா. "அப்ப வானம் நீலத்தை ஒதுக்கி வைக்குதா?"

கேக்க சரியாத்தானே இருக்கு? நிறைய பெரியவங்களே இப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா இந்தப் பதில் சாயங்காலம் ஆறு மணியைத் தாண்டாது. எப்படின்னு பாருங்க. காத்து சிவப்பைச் சாப்பிட்டுட்டு நீலத்தை மட்டும் மிச்சம் வைக்குதுன்னு வச்சுக்குவோம். அப்ப அதிகக் காத்தைக் கடந்து வர்ற வெயில் இன்னும் நீலமா இருக்கணும். உச்சி வெயிலைவிட, அஸ்தமன வெயில் 30 மடங்குக்கும் மேலான காத்தைக் குறுக்கே கடந்துதான் நம்மகிட்ட வருது. அப்படின்னா அந்த நேரத்துச் சூரியன்தான் இருக்கறதுலயே நீலமா இருக்கணும்! மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். மலைக்கோட்டைப் பக்கம் வானமே செக்கச்செவேல்னு இருந்தது. "அப்ப காத்து சிவப்பைச் சாப்பிடலை" என்றாள் அவளே. ஏழு வயசுக்கு இது போதாதா?

அப்போ காத்து என்னதான் பண்ணுது? இதுக்கு ஒரு பாட்டில் வானம் தயார் பண்ணினோம்.

நேரான, லேபிள் இல்லாத ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில். அது நிறைய தண்ணீர். ரூமை இருட்டாக்கிட்டு, செல்போன் டார்ச்சை பாட்டிலோட அடியில வச்சு மேல்நோக்கி அடிக்கணும். இப்போ ஆடை எடுத்த பாலைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கணும். சில சொட்டுலயே பக்கவாட்டுல பாட்டில் லேசா நீலம் தட்டும். இன்னும் நாலஞ்சு சொட்டு விட்டுட்டு, பாட்டில் வாய் வழியா கீழே டார்ச்சைப் பார்த்தா... அதே வெள்ளை டார்ச் மஞ்சளா, ஆரஞ்சா தெரியும். பக்கவாட்டுல மத்தியான வானம், நேர்ப்பார்வையில சாயங்காலச் சூரியன். ரெண்டும் ஒரே பாட்டிலுக்குள்ள!

பால்ல நீலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. அதுல மிதக்குற நுணுக்கமான துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்குது. எல்லா நிறத்தையும் சமமா இல்லை, நீலத்தை அதிகமா. அதனால பக்கத்துல நிக்கிறவங்களுக்கு நீலம் வருது. நேர்ப்பாதையில நீலம் பறிபோய், மிச்சம்தான் மஞ்சளும் சிவப்பும். வானத்துல இதே வேலையைச் செய்யுறது காத்தோட மூலக்கூறுகள். இதுக்குக் கணக்கு போட்டவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. 1871-ல் கணக்கைச் சொன்னார். தூசியோ நீர்த்துளியோ தேவையில்லை, காத்து மூலக்கூறே போதும்னு 1899-ல் காட்டினார். அவர் கணக்குப்படி நீல ஒளி, சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேலா சிதறும்.

பாப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "இலை சாப்பிட்டு மிச்சம் வைக்குது. காத்து சாப்பிடவே இல்லை, நீலத்தைப் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் தூக்கிப் போட்டு விளையாடுது."

அந்த ஆர்வத்துல அரை டம்ளர் பாலைப் பாட்டிலுக்குள்ள கொட்டிட்டா! நீலம் காலி, எல்லாம் வெள்ளை. அதுவும் நல்லதுக்குத்தான். துகள் பெரிசா இருந்தாலும், ரொம்ப நெருக்கமாகி ஒளி பல தடவை சிதறினாலும் எல்லா நிறமும் கலந்து வெள்ளையாகிவிடும். மேகம் வெள்ளையா இருக்குற ரகசியம் இதுதான். ஆடையோட பாலை ஊத்தினா நீலம் சரியா வராததும் இதனாலதான். கொழுப்பு உருண்டைகள் பெரிசு.

நீலத்தைவிட ஊதாதான் இன்னும் அதிகமா சிதறுமே, வானம் ஏன் ஊதாவா இல்லைன்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்வி. வெயில்லயே ஊதா கம்மி. நம்ம கண்ணும் ஊதாவைச் சரியாப் பிடிக்காது. வந்து சேர்ற கலவையை மூளை வெளிர்நீலம்னு படிச்சுக்குது.

சரி, கடல் விஷயத்துக்கு வருவோம். கடலைப் பார்த்து வானம் நீலமாகலை. அதுக்கு நேர்மாறா, வானம் பிரதிபலிச்சுத்தான் கடல் நீலமாச்சுன்னு சொன்னவர் இதே ராலேதான். அதைச் சந்தேகப்பட்டவர் நம்ம திருச்சிக்காரர்! திருவானைக்காவல்ல பொறந்த சர் சி.வி.ராமன். 1921-ல் இங்கிலாந்துல இருந்து 'நார்குண்டா' கப்பல்ல திரும்பும்போது, நிக்கல் பட்டகம்ங்கற ஒரு சின்னக் கருவியோட உதவியால நீர்ப்பரப்புல பளபளக்குற பிரதிபலிப்பை வெட்டிட்டுக் கடலைப் பார்த்தார். அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்தது, இன்னும் நல்லாவே. ஆக, நீர் மூலக்கூறும் ஒளியைச் சிதறடிக்குதுன்னு எழுதினார். (தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் விழுங்குறதும் ஒரு முக்கிய காரணம்.) அந்தச் சிதறலை விடாமத் துரத்திப் போனதுதான் 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. "அப்ப ராமன் தாத்தாவும் புக்குல இருந்ததை நம்பலையா?"ன்னு கேட்டா பாப்பா. "நம்பறதுக்கு முன்னாடி பார்த்தார்" என்றேன்.

டெஸ்ட் வந்தது. அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு பயம். பேப்பர் கைக்கு வந்ததும் பார்த்தோம். மேடம் மிஸ்ஸோட பதிலை அப்படியே எழுதியிருந்தா. அதுக்குக் கீழே, கோணல்மாணலா இன்னொரு வரி. 'ஆனால் எங்கள் ஊரில் கடல் இல்லை. காத்து நீலத்தைத் தூக்கிப் போடுகிறது. நான் பாட்டிலில் பார்த்தேன்.'

மேல் வரிக்கு ஒரு டிக். கீழ் வரிக்கு டிக்கும் இல்லை, தப்புன்னு இன்டு மார்க்கும் இல்லை. பக்கத்துல சிவப்பு மையில் ரெண்டே வார்த்தை: 'எந்த பாட்டில்?'

மறுநாள் காலையில ஸ்கூல் பைக்குள்ள ஒரு காலி பாட்டிலும், சின்ன டப்பாவுல ஆடை எடுத்த பாலும் போச்சு. வச்சு அனுப்பினது நான் இல்லை. அக்கா!