புடவை ஓரத்தில் மாறும் பெயர்

சேத்துப்பட்டு கடைவீதியில் நாற்பது ஆண்டாக வியாபாரம் செய்யும் ஜவுளிக்கடை ஒன்று பெயரையும் சின்னத்தையும் மாற்றுகிறது. அதற்காக அச்சடித்த நோட்டீஸ் கல்லா மேசையில் கட்டுக்கட்டாக இருந்தது. ‘பெயர் மட்டுமே மாறுகிறது. அதே நிர்வாகம், அதே தரம்’ என்பது அதன் முதல் வரி. இப்படிப்பட்ட நோட்டீஸை நாம் எல்லோரும் வாங்கி மடித்துப் பையில் போட்டிருக்கிறோம். இந்தக் கடையின் பெயரோ போர்டிலும் துணிப்பையிலும் இருப்பதோடு, அது விற்கும் பட்டுப்புடவையின் கடைசி ஓரத்தில் ஜரிகையாலும் நெய்யப்பட்டிருக்கிறது. போர்டை ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாம். நெய்கிற பெயரை எப்படி மாற்றுவார்கள் என்று பார்க்கக் கடைக்காரரோடு தறி வீட்டுக்குக் கிளம்பினேன்.

போகும் வழியில் காரணத்தைச் சொன்னார். அப்பா வைத்தது சாமி பெயர். அதே பெயரில் ஆரணியிலும் வந்தவாசியிலும் கடைகள் உண்டு. “போன்ல தேடிக்கிட்டு வர்றவங்க வேற கடைக்குப் போயிடுறாங்க. டிரேட் மார்க் பதியலாம்னா, இவ்ளோ பொதுவான பேரு கிடைக்கிறது கஷ்டம்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு.” பெயர் மாறியதும் ஜிஎஸ்டி பதிவிலும் 15 நாளுக்குள் திருத்தம் கேட்க வேண்டும்; பான் எண் மாறாதவரை ஜிஎஸ்டி எண் அப்படியே இருக்கும். காகித வேலை அவ்வளவுதான்.

தறி வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் பாவு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பட்டுத்தறியில் ஒரு பாவு ஏற்றினால் வழக்கமாக மூன்று புடவை இறங்கும். நெசவாளர் இரண்டாவது புடவையின் உடலில் இருந்தார். மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் நூலில் கோத்து மாலையாகத் தொங்கின. மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை நகரும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய் அந்தக் கொக்கி மேலே எழும். துளை இல்லாத இடத்தில் கொக்கி தங்கிவிடும். எழுந்த பாவு இழைகளுக்கு அடியில் ஜரிகை நாடா போகும். எழுத்தின் ஒவ்வொரு கிடைவரிக்கும் இப்படி ஓர் அட்டை வேண்டும். அரை அங்குல உயரத்தில் பெயர் வேண்டுமென்றால் முப்பதுக்கும் மேல் அட்டை அடிக்க வேண்டியிருக்கும்.

புதுச் சின்னத்தைச் சென்னையில் ஒரு டிசைனர் வரைந்து கொடுத்திருந்தார். மயில் கழுத்து வளைந்து எழுத்தாக மாறுகிற மாதிரி, மெல்லிய கோடு. திரையில் நன்றாகத்தான் இருந்தது. நெசவாளர் கட்டம் போட்ட தாளை எடுத்து அதன் மேல் வைத்துக் காட்டினார். ஒரு கொக்கிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாவு இழை கட்டியிருக்கிறது. அதைவிட மெலிதான கோட்டை நெய்ய வழியே இல்லை. வளைவெல்லாம் படிக்கட்டாகத்தான் வரும். மயிலின் கழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அகலமாக இடம் விட்டிருந்ததும் ஒரு சிக்கல். அந்த இடைவெளி முழுக்க ஜரிகை பின்பக்கத்தில் பிடிப்பில்லாமல் நீளமாக ஓடும். வளையலோ மோதிரமோ பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். “மயிலை போர்டுல வெச்சுக்கங்க சார். பொடவையில பேரு மட்டும் போதும்,” என்றார். கடைக்காரர் மறுபேச்சு பேசவில்லை.

அடுத்து நெசவாளர் கவலைப்பட்டது புள்ளிகளைப் பற்றி. புதுப் பெயர் ‘சில்க்ஸ்’ என்று முடிகிறது. அந்த ஒரு சொல்லிலேயே மூன்று மெய்யெழுத்து, மூன்று புள்ளி. இவை பெயரின் உச்சியில் ஒன்றிரண்டு அட்டைகளில் மட்டும் வரும். அந்த அட்டையில் ஒரு துளை விட்டுப்போனாலோ, தூசி அடைத்துக்கொண்டாலோ புள்ளி விழாது; ‘சில்கஸ்’ என்று நெய்து முடித்திருப்பார்கள். ஓர் எழுத்தின் கால் குறைந்தால் கண்ணில் படும். புள்ளி குறைந்தால் நெய்கிறவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அட்டையில் பிழை என்றால் அடுத்தடுத்த புடவையிலும் அதே இடத்தில் அதே பிழை வரும். ஒரு புடவையில் மட்டும் வந்தால் கொக்கியிலோ இழையிலோ கோளாறு. அதனால் புது அட்டையைக் கோத்ததும் புடவையில் ஏற்றுவதில்லை. பாவு முடிகிற நுனியில், வெட்டிப்போடப் போகிற இடத்தில், ஒருமுறை நெய்து படித்துப் பார்க்கிறார்கள்.

அட்டை மாற்றிச் சோதித்து முடிக்க அரை நாள் போய்விடும். நெசவாளருக்குக் கூலி புடவைக் கணக்கில்தான். நின்ற தறிக்குக் கூலி கிடையாது. இதை அவர் சண்டையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கடைக்காரர் அட்டைச் செலவோடு அந்த அரை நாளையும் தாமே தருவதாக ஒப்புக்கொண்டார். பெயர் மாற்றத்தின் செலவில் போர்டும் விளம்பரமும்தான் எழுதப்படும். தறி நிற்கிற நேரத்தையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

கடைக்குத் திரும்பியபோது ஓர் அம்மா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் கல்யாணத்துக்கு இங்கே எடுத்த புடவையைப் பற்றி ஒரே கேள்வி: “பழைய பேருதானே அதுல இருக்குது. நாளைக்கு ஜரிகைக்கு எடுத்துக்குவியா தம்பி?”

இதைவிடச் சரியான கேள்வி இல்லை. பட்டு அசலா என்பதற்கு மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறது. கைத்தறியா என்பதற்குக் கைத்தறி முத்திரை இருக்கிறது. இரண்டும் ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று சொல்வதில்லை. அசல் ஜரிகை என்றால் பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருக்கும். சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். பல ஆண்டு கழித்துப் புடவையைத் திருப்பித் தரும்போது வெள்ளிக்கு விலை தருவது விற்ற கடையின் வாக்குதான். அந்த வாக்குக்குச் சாட்சி ஓரத்தில் நெய்த பெயரும் பழைய பில்லும். பெயர் மாறினால் சாட்சி செல்லுமா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாகாணம் மாநிலமாகி, 1969-இல் மாநிலம் தமிழ்நாடு ஆனது. சங்கத்தின் நீளமான பெயரில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்தது. வாங்குகிறவர்கள் ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழக்கமான ஒன்று கையில் தங்கியிருந்தால் மற்றதை மாற்றுவது சுலபம்.

கடைக்காரர் நோட்டீஸை மறுபடி எழுதினார். ‘நம்பிக்கை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு மூன்று வரி சேர்த்தார். பழைய பெயர் நெய்த புடவையும் பழைய பில்லும் ஜரிகைக் கணக்குக்கு எப்போதும் செல்லும். தீபாவளிச் சீட்டு அட்டைகள் அப்படியே தொடரும், புது அட்டை வாங்க வேண்டியதில்லை. தறியில் ஏற்கெனவே ஏறிவிட்ட பாவு முடியும்வரை பழைய பெயருள்ள புடவைகளும் வரும், அவையும் இந்தக் கடையின் சரக்கே. புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரைச் சிறிதாகப் போடவும் முடிவு செய்தார்.

கடைப் பெயரை மாற்ற நினைக்கிறவர்கள் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுப் பிறகு டிசைனரிடம் போகலாம். வாங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. புடவையோடு வந்த பில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள், மை மங்கிவிடும். பெயர் நெய்த ஓரத்தை ஃபால்ஸ் தைக்கும்போது வெட்டிவிடாதீர்கள்.