ஒரு ஷூ கடையும் என் முதல் நாளும்

போன வாரம் சென்னையில ஒரு பெரிய கடைக்குள்ள நுழைஞ்சேன். வாசல்லயே ஒரு பையன், "வணக்கம் சார், எங்கள் நிறுவனத்திற்கு வருக வருக, இன்றைய சிறப்புச் சலுகையாக..."ன்னு ஒரே மூச்சுல ஒப்பிச்சான். கண்ணு மட்டும் எனக்குப் பின்னாடி எங்கயோ இருந்துச்சு. பாவம், முதல் நாளா இருக்கும். அவனப் பாத்ததும் எனக்கு ஒரகடம் ஞாபகம் வந்துடுச்சு. கொசுவத்தி சுத்துதுன்னு ஓடிடாதீங்க மக்களே, சின்னக் கதைதான்.

2010. டிப்ளமோ முடிச்சுட்டு வேலைக்கு அலைஞ்சுகிட்டிருந்த நேரம். ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோயில் ரோடும், வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் வெட்டிக்கிற இடம்தான் ஒரகடம். அந்த வருஷம்தான் அங்க ரெனோ-நிஸான் கார் ஆலை திறந்தாங்க. சுத்துவட்டாரம் முழுக்கக் கட்டடம், புழுதி, ஷிஃப்ட் பஸ். எனக்குக் கம்பெனிக்குள்ள வேலை கிடைக்கல. கம்பெனிக்குப் போறவங்களுக்கு ஷூ விக்கிற கடையில கிடைச்சுது. (அப்பா இத ரொம்ப நாள் சொந்தக்காரங்ககிட்ட "ஆட்டோமொபைல் சைடு"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார்.)

கடை ஓனர் அண்ணாச்சி. அவரோட பையன் எங்கயோ டிரெயினிங் போய்ட்டு வந்து, ஒரு தாள்ல ஆறு வரி டைப் பண்ணி வச்சிருந்தான். வரவேற்பு, கடையோட பெருமை, இன்னிக்கு ஆஃபர், "என்ன சைஸ் சார்?", கூடவே சாக்ஸ், கடைசியா நன்றி. முதல் நாள் காலையில அத என் கையில குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டாங்க. பன்னெண்டாவது பரிட்சைக்குக்கூட நான் அப்படிப் படிச்சதில்ல.

முதல் ஆள் வந்தார். ஆறு வரியில மூணாவது வரி தாண்டுறதுக்குள்ள "சும்மா பாத்துட்டு வரேன் தம்பி"ன்னு போயிட்டார். ரெண்டாவது ஆள் "எட்டு"ன்னார். எட்டு எடுத்துக் குடுத்தேன். போட்டுப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சார். ஒன்பது குடுத்தேன். எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்தார், குதிகால் கழண்டு கழண்டு வந்துச்சு. அவரும் கிளம்பப் பாத்தார்.

அப்பதான் கடையில ரொம்ப வருஷமா இருக்கிற அக்கா வந்தாங்க. அவங்களுக்கு அந்தத் தாள் பத்தியெல்லாம் கவலையே இல்ல. சிரிச்சுகிட்டே ஸ்டூல இழுத்துப் போட்டாங்க.

"உக்காருங்க தம்பி. என்ன வேலை பாக்குறீங்க?"

அவ்வளவுதான். அந்த ஆள் கடகடன்னு கொட்டிட்டார். பிரஸ் ஷாப்ல வேலை. தகடு தூக்கணும், அதனால ஸ்டீல் டோ இல்லாம உள்ள விடமாட்டாங்க. எட்டு மணி நேரம் நிக்கணும். காண்ட்ராக்டர் குடுத்த ஷூ கடிக்குது. அக்கா சாக்ஸக் கழட்டச் சொன்னாங்க. கட்டைவிரல் நகம் கருநீலமா செத்துப் போயிருந்துச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். சேஃப்டி ஷூவோட மூக்குல உள்ள இருக்கிறது இரும்புக் கிண்ணம். ஐ.எஸ். 15298 தரத்துல சேஃப்டி ஷூன்னு சொல்லணும்னா அது 200 ஜூல் அடி தாங்கணும். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுற அடி. அவ்வளவு உறுதியா இருக்கிறதாலயே அது கொஞ்சமும் விட்டுக் குடுக்காது. தோல் ஷூ ரெண்டு வாரத்துல கால் வாகுக்கு இளகிடும். இரும்பு இளகுமா? முதல் நாள் இடிச்சா கடைசி நாள் வரைக்கும் இடிக்கும். நகம் செத்ததுக்குக் காரணம் அதுதான்.

அப்புறம் ஏன் ஒன்பதும் சரிவரல? அவர் கால் நீளம் எட்டுதான். அகலம்தான் ஜாஸ்தி. பெரிய சைஸ் போட்டா முன்னாடி இடம் கிடைக்கும், ஆனா குதிகால் நிக்காது, ஷூ மடங்குற இடமும் விரல் மடங்குற இடமும் வேற வேறயாயிடும். அக்கா உள்ள போய் வேற மாடல்ல, மூக்கு அகலமான எட்டு எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டு காலுக்கும் போடச் சொன்னாங்க. லேஸ் கட்டாம பாதத்த முன்னால தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் நுழையுதான்னு பாத்தாங்க. அப்புறம் தரையில குந்த வச்சாங்க. குந்தும்போது இரும்போட பின் விளிம்பு விரல் மேல அழுத்துச்சுன்னா அந்த ஷூ ஆகாதாம். அழுத்தல. 650 ரூபாய் எண்ணி வச்சுட்டுச் சிரிச்சுகிட்டே போனார்.

அடடே, இவ்வளவுதானா மேட்டர்னு நானும் களத்துல இறங்கினேன். அடுத்து வந்த வடநாட்டுப் பையன்கிட்ட விறைப்பா, "கியா காம்? கோன்ஸா கம்பெனி?"ன்னேன். (என் ஹிந்தி அவ்வளவுதாங்க.) அவன் பயந்துபோய்ப் பாக்கெட்லருந்து ஐடி கார்ட எடுத்து நீட்டினான்! அவ்வ்வ்...

அக்கா தலையில அடிச்சுகிட்டாங்க. "கேட்டுல செக்யூரிட்டி கேக்குறான், பஸ்ல சூப்பர்வைசர் கேக்குறான், ரூம்ல ஹவுஸ் ஓனர் கேக்குறான். நீயுமா? மொதல்ல சிரி, அப்புறம் கேளு."

சாயந்திரம் ஒரு பொண்ணு வந்துச்சு. இருபது வயசுக்குள்ளதான் இருக்கும், ஹாஸ்டல்ல தங்கியிருக்காம். திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும், யாரோ சேஃப்டி ஷூ வாங்கச் சொன்னாங்களாம். கைக்குள்ள நோட்டை மடிச்சு இறுக்கமாப் பிடிச்சிருந்துச்சு. தாள்ல உள்ள முதல் வரி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினேன். சிரிச்சேன் (கண்றாவியா இருந்திருக்கும்). "எந்த செக்‌ஷன்ல வேலைங்க?"ன்னு கேட்டேன்.

"மொபைல் போர்டு அசெம்பிளிங்க."

பக்கத்துல இருந்த அக்கா டக்குனு நிமிர்ந்தாங்க. அங்க இரும்பு மூக்குக்கு வேலையே இல்ல. நம்ம உடம்புல சேர்ற நிலை மின்சாரம் 3000 வோல்ட் கிட்டப் போனாத்தான் நமக்குச் சுரீர்னு தெரியும். சில சிப்புங்க 100 வோல்ட்லயே செத்துடும். அதனால அந்த மின்சாரத்தக் காலு வழியா மெதுவாத் தரையில இறக்கி விடுற சோல் வேணும். இ.எஸ்.டி. செருப்புன்னு சொல்வாங்க. லைனுக்குள்ள போறதுக்கு முன்னாடி உலோகத் தட்டு மேல ஏறி நின்னு பட்டன அழுத்தணும். பச்சை எரிஞ்சா உள்ள, சிவப்பு எரிஞ்சா வெளிய. எங்க கடை ஷூவோட சாதா சோல் மின்சாரத்தக் கடத்தாது. அதப் போட்டுகிட்டுப் போயிருந்தா முதல் நாளே சிவப்பு லைட்டுதான்.

கடையில இ.எஸ்.டி. செருப்பு இல்ல. கல்லாவுல அண்ணாச்சி பாத்துகிட்டேயிருக்கார். நான் எச்சில் முழுங்கிட்டு, "இது உங்களுக்கு ஆகாதுங்க. இ.எஸ்.டி. செருப்பு கம்பெனியிலயே குடுக்குறாங்களான்னு மொதல்ல கேட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டேன். அது ஒரு நிமிஷம் நம்பாம பாத்துச்சு. அப்புறம் அந்த நோட்டைப் பத்திரமாப் பர்ஸ்ல வச்சுகிட்டு, நூறு ரூபாய்க்கு ஹாஸ்டலுக்கு ஒரு ரப்பர் செருப்பு மட்டும் வாங்கிட்டுப் போச்சு.

அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. "650 போய் நூறு வந்துருக்கு"ன்னு கணக்கு மட்டும் எழுதினார். ரெண்டு வாரம் கழிச்சு அதே பொண்ணு அவங்க அண்ணனக் கூட்டிட்டு வந்துச்சு. அவர் வெல்டிங் செக்‌ஷன். "இந்த அண்ணன்தான், இவங்ககிட்ட கேளு"ன்னு என்னைக் கை காட்டுச்சு.

அந்த ஆறு வரித் தாள என்ன பண்ணேன்னு கேக்குறீங்களா? முதல் நாள் ராத்திரி கடை சாத்தும்போது அக்கா அத வாங்கிக் கசக்கி, டிஸ்ப்ளே ஷூ மூக்குக்குள்ள திணிச்சுட்டாங்க. ஷேப் போகாம இருக்குமாம்.

டிஸ்கி: ஷூ வாங்கணும்னா ஷிஃப்ட் முடிஞ்சு சாயந்திரமாப் போங்க. நாள் முழுக்க நின்ன கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில அளவெடுத்தா ராத்திரி கடிக்கும். வேலைக்குப் போடுற அதே சாக்ஸோட போங்க.