விடை ஒன்பது

எட்டாம் வகுப்புக்கு வர்க்கமூலம் நடத்திக்கொண்டிருந்தேன். 81-இன் வர்க்கமூலம் என்ன என்று கேட்டதும் வகுப்பு மொத்தமும் சிரித்தது. யாரும் விடை சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனை நோக்கித் திரும்பின. அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

அவனைக் குமரன் என்று வைத்துக்கொள்வோம். நடையில் கொஞ்சம் நளினம், பேசும்போது கைகளும் சேர்ந்து பேசும். கோலம் நன்றாகப் போடுவான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்த ஒன்பது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. நானும் படிக்கும்போது அதற்குச் சிரித்தவன்தான்.

அன்று "சைலன்ஸ்" என்று கத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. விடை ஒன்பது வராத கணக்குகளாகத் தேர்ந்தெடுத்து நடத்தினேன். அவனைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

அது போதவில்லை. ஒருநாள் மூன்று பையன்கள் அவனுடைய சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனைப் போல நடந்து காட்டினார்கள். மூவரையும் வெளியே நிற்கவைத்து, வகுப்பில் இருபது நிமிடம் பேசினேன். "குமரன் அப்படி இருக்கிறது அவன் தப்பு இல்ல, அவன் மனசு எவ்வளவு கஷ்டப்படும்" என்றெல்லாம். பேசப் பேச அவன் பெஞ்சுக்குள் குறுகிக்கொண்டே போனான். அதுவரை ஜாடையாக இருந்ததை நான் மேடை போட்டுச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனுடைய இரண்டு டயரிலும் காற்று இல்லை. அதோடு நிற்காமல் மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் கொஞ்சம் கையை ஆட்டாமப் பேசிப் பாரேன்டா" என்றேன். "சரி சார்" என்றான். அதன்பின் ஒரு வாரம் அவன் பேசவே இல்லை.

அவன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கவனித்தது சத்துணவுக்கூட அக்காதான். "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ள ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல சார், என்னன்னு கேளுங்க" என்றார். கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத்தான் அப்படி இருந்திருக்கிறான்.

இந்த முறை வேறு மாதிரி கேட்டேன். "நீ அப்படியா?" என்று கேட்கவில்லை. அதை அவனே இன்னும் அறிந்திருக்கமாட்டான். அறிந்திருந்தாலும் அதை என்னிடம் சொல்ல வேண்டிய கடன் அவனுக்கு இல்லை. நளினமாக நடக்கும் பையன் திருநங்கையாகவோ தன்பாலீர்ப்பு கொண்டவனாகவோ இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அடியை நிறுத்த அது தெரிய வேண்டியதில்லை. நான் கேட்டதெல்லாம் எங்கே, எப்போது, யார் என்பதுதான். இரண்டாவது இண்டர்வெல், பி.டி. பீரியட், பள்ளி விடும் நேரம் என்றான். கழிப்பறையில் கதவை உதைக்கிறார்கள், மேலே ஏறி எட்டிப் பார்க்கிறார்கள் என்றான்.

"டிரஸ்ஸ இழுத்தாங்களா? உடம்புல கை வச்சாங்களா?" என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றான். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஆடையைக் கழற்றுவதும் அந்தரங்கமாகத் தொடுவதும் நடந்திருந்தால் அது நான் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. 2012-இன் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பசங்க விளையாட்டு என்று மூடி மறைக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை.

"நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுக்குச் சொல்லாதீங்க சார். அப்பா என்னையத்தான் அடிப்பாரு" என்றான். வீட்டுக்குச் சொல்வதுதான் பொறுப்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். உயிருக்கு ஆபத்து என்றோ சட்டத்தில் சொல்ல வேண்டிய விஷயம் என்றோ வந்தால் மறைக்க முடியாது என்று அவனிடம் சொன்னேன். மற்றபடி, "கிளாஸ்ல சில பசங்க தொந்தரவு பண்றாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பதற்கு மேல் வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

பிறகு மூன்று பையன்களையும் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே பார்த்தேன். சேர்ந்து நின்றால் ஒருவனுக்காக இன்னொருவன் சிரிப்பான். குமரனைப் பற்றி எதுவும் பேசவில்லை. "நீ கதவை உதைச்ச. திரும்ப நடந்தா தலைமையாசிரியர் முன்னாடி உங்க வீட்டுல இருந்து வரணும்" என்று செயலை மட்டும் சொன்னேன். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவன், "என்னையும் முன்னாடி இப்படித்தான் சொன்னாங்க சார்" என்றான். தன் பக்கம் திரும்பிய விரலை அவன் அடுத்தவன் பக்கம் திருப்பி விட்டிருக்கிறான். குமரனிடம் கைகொடுத்து மன்னிப்புக் கேள் என்று யாரையும் இழுத்து வந்து நிறுத்தவில்லை. சண்டை என்றால் இரண்டு பக்கமும் சமாதானம் ஆகலாம். இங்கே அடி விழுந்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

இண்டர்வெல்லில் கழிப்பறைப் பக்கம் நிற்கும் வேலையை நானும் பி.டி. சாரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். மாதம் முழுவதும் செய்ததிலேயே உடனே பலன் தந்தது இதுதான். கடினமாக இருந்தது ஓய்வறை. "அந்த லேடீஸ் ஃபிங்கர் உங்க கிளாஸா சார்?" என்று சிரித்தவர் ஓர் ஆசிரியர். பிள்ளைகளுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். அவர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் தமிழகப் பள்ளிகளில் படித்த பால், பாலின சிறுபான்மை இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. கேலியும் அடியும் பட்டவர்களில் பள்ளியில் புகார் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. குமரனும் என்னிடம் வந்து சொல்லவில்லை. ஏன் என்று பிறகு ஒருநாள் அவனே கேட்காமல் சொன்னான்.

"நீங்க ஒன்பது வர்ற கணக்கையே போடுறதில்லயே சார். உங்களுக்கும் அது அசிங்கம்னு நெனச்சேன்."

எனக்குப் பதில் வரவில்லை. அவனுக்கு அது புரிந்திருந்தால் வகுப்புக்கும் புரிந்திருக்கும். என் மௌனத்தை அந்தப் பிள்ளைகள், 'சாருக்கே அது சொல்லக்கூடாத வார்த்தை, அப்போ அவன் அதுதான்' என்று படித்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் பலகையில் முதல் கணக்காக 81-இன் வர்க்கமூலத்தை எழுதினேன். சிரிப்பு வந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு, யார் பெயரும் சொல்லாமல், குரல் உயர்த்தாமல் சொன்னேன்: "ஒன்பதுங்கிறது எண். இந்த வகுப்புல அத யாருக்கும் பேரா வைக்கக் கூடாது. விடை என்ன?" மொத்தம் பத்து நொடி இருக்கும். முன்பு இருபது நிமிடம் பேசியதில் இல்லாதது இதில் இருந்தது. குமரனை யாரும் திரும்பிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

ஒரு பெண் எழுந்து விடை சொன்னாள். அன்றும் பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அடுத்த வாரமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது, அதற்கடுத்த வாரமும். எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கு இல்லை. பேச்சு குறைந்ததே தவிர அடியோடு நின்றதாகச் சொல்ல மாட்டேன். வருடக் கடைசியில் குமரன் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மதியத்துக்குள் அது காலியாகிவிடும்.