காலை ஆறரைக்கு அடிக்கும் போன்

என் சித்தியின் மகன் மார்க்கத்தில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப் நடத்துகிறான். பேக்கரிகள் தங்கள் ஓடர்களைக் கவனிக்க ஒரு மென்பொருள். மொத்தம் ஆறு பேர். புதிதாகச் சேரும் பேக்கரிகளுக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக் கொடுக்க ஏழாவதாக ஒருவர் தேவைப்பட்டார். கையில் பதினெட்டு மாதத்துக்கான காசு. தவறான ஆளை எடுத்தால் அதில் நாலைந்து மாதம் போய்விடும்.

"அக்கா, ஒருக்கா பாருங்கோ. விண்ணப்பம் குவியுது, ஒண்டும் பொருந்தேல்லை" என்று விளம்பரத்தை அனுப்பினான். ஆள் எடுப்பதுதான் பல வருடமாக என் வேலை.

வேகமான சூழல், துடிப்பான குழு, தானாக முன்வந்து செய்பவர், பட்டம், ஐந்து வருட அனுபவம். இதை வாசித்து "இது நான் இல்லை" என்று யார் சொல்வார்கள்? எல்லோரும் தங்களைத் துடிப்பானவர் என்றுதான் நினைக்கிறோம். அதனால் எல்லோரும் அனுப்புகிறார்கள். உண்மையில் பொருத்தமானவரோ "ஐந்து வருடம்" என்பதைப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்.

"எல்லாரும் இப்பிடித்தானே எழுதீனம்?" என்றான்.

"அந்த ஆள் முதல் மாசம் என்ன செய்யப்போறார் எண்டு எனக்குச் சொல்லு" என்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதினோம். "பேக்கரிக்காரர் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொப்பியிலோ, குழம்பிப்போன எக்செல் கோப்பிலோ தருவார்கள். அதை நீங்கள் எங்கள் மென்பொருளில் ஏற்றவேண்டும். முதல் மூன்று மாதத்தில் பத்துக் கடைகள். காலை ஆறரைக்கே போன் வரும், ஏனென்றால் பேக்கரி அப்போதே திறந்துவிடும். உங்களுக்குச் சொல்லித்தர மேலாளர் இல்லை. எழுதிவைத்த வழிமுறையும் இல்லை, அதை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள்."

கடைசி வரியை அவனுக்கு வெட்ட ஆசை. ஆனால் அந்த வரிதான் இரண்டு பக்கமும் வேலை செய்வது. ஒழுங்கான பயிற்சியை எதிர்பார்ப்பவர் அதிலேயே நின்றுவிடுவார். "ஆகா, நானே ஒழுங்குபடுத்தலாம்" என்று நினைப்பவர் கீழே வாசிப்பார்.

தகுதிப் பட்டியலில் பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இது இல்லாத நல்ல ஆள் வந்தால் திருப்பி அனுப்புவாயா? பட்டமும் வருடக்கணக்கும் அதில் விழுந்தன. மிஞ்சியது மூன்று. எக்செல் பழக்கம், கோபமாக இருப்பவரோடு போனில் நிதானமாகப் பேசுவது, ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுவது.

ஒன்றில் கவனம் வேண்டும். விலக்கவேண்டியது வேலையின் தன்மையை வைத்து, ஆளின் தன்மையை வைத்து அல்ல. "இளமையான குழு" என்று எழுதினால் நாற்பத்தைந்து வயதுக்காரர் விலகுவார், ஆறரை மணி போனுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்? "கனடிய அனுபவம்" என்ற சொல் எங்கள் அப்பா அம்மா தலைமுறையை எத்தனை வாசலில் நிறுத்தியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாது, சம்பளத்தையும் சொல்லவேண்டும். ஆறு பேர் உள்ள கொம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சம்பளத்தைப் போடவைத்தேன். போடாவிட்டால் மூன்றாவது நேர்முகத்தில்தான் இரண்டு பேருக்கும் உண்மை தெரியவரும்.

பங்கு பற்றியும் விளக்கமாக எழுதினோம். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாகும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடைக்காது, கொம்பனி விலைபோகாவிட்டால் அதன் பெறுமதி பூச்சியமாகவும் இருக்கலாம். பதினெட்டு மாதக் கணக்கையும் மறைக்கவில்லை. வீட்டுக்கடனும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், இருக்கும் வேலையை விடுமுன் கேட்கவேண்டிய முதல் விஷயம் அது.

அறிமுகக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்தோம். "பட்டியலில் ஒரே கேக்கின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?" பத்து நிமிடத்தில் பதில் எழுதலாம். பொதுக் கடிதம் அனுப்புபவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

விண்ணப்பங்கள் நன்றாகக் குறைந்தன. தம்பி பயந்துபோனான். எண்ணிக்கையைப் பார்க்காதே, பதிலைப் பார் என்றேன். பாதிப்பேர் மூன்று பெயரையும் உடனே ஒன்றாக்குவோம் என்றார்கள். சிலர் மட்டும், "கடைக்காரரைக் கேட்பேன், அவை மூன்று அளவுக் கேக்காக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள்.

அப்படி எழுதிய ஒருவர், அக்காவின் கேட்டரிங் கணக்கை ஆறு வருடம் வீட்டிலிருந்து பார்த்த அம்மா. பட்டம் முடிக்கவில்லை. நேர்முகத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி: "செவ்வாயும் வியாழனும் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேணும். அந்த ரெண்டு நாளும் ஆறரை மணி போனை ஆர் எடுக்கிறது?"

தம்பிதான் எடுக்கிறான்.